பதில் சொல்வது யார்? அஞ்சலுக்கு நடுவே வந்து நின்ற காவலர்களின் கதை

"மெயில் வருது, போக மாட்டேங்குது." கணினி தெரிந்தவர் என்று பெயர் வாங்கிய எவரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. உடனே கிடைக்கும் அறிவுரையும் பழையதுதான்: "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிப் பாருங்க." இது ஏன் சில சமயம் பலிக்கிறது, ஏன் பல சமயம் பலிப்பதில்லை என்று தேடிப் போனதில் கிடைத்த குறிப்புகளைத்தான் இங்கே தொகுக்கிறேன். வைரஸ் தடுப்பு மென்பொருள் அஞ்சலைத் தடுக்கும்போது பெரும்பாலும் கதவை மூடுவதில்லை. அஞ்சல் சேவையகத்தின் வேடத்தில் கதவைத் திறந்து, தானே பதில் சொல்கிறது. ஆகவே "பதில் வருகிறதா?" என்று கேட்டால் பிழை அகப்படாது. "பதில் சொல்வது யார்?" என்றுதான் கேட்க வேண்டும்.

அஞ்சல் அனுப்பும் நெறிமுறையான எஸ்.எம்.டி.பி.யை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 821 என்ற ஆவணமாக எழுதினார். 25ஆம் போர்ட்டில் இணைந்து, HELO என்று வணக்கம் சொல்லி, கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாம். இரு முனைகளுக்கும் நடுவில் ஒருவர் நின்று ஒட்டுக்கேட்பார் என்ற எண்ணமே அதில் கிடையாது. அந்த வெற்றிடத்தில்தான் பின்னால் காவலர்கள் வந்து நின்றார்கள்.

அவர்களை வரவழைத்தவை புழுக்கள். 1999 மார்ச்சில் மெலிஸ்ஸா, 2000 மே 4ஆம் தேதி 'ஐ லவ் யூ'. இரண்டும் அவுட்லுக்கின் முகவரிப் புத்தகத்தைப் பிடித்துப் பரவின. இணைப்புக் கோப்பு வட்டில் விழுந்த பிறகு பிடிப்பதைவிட, வரும் வழியிலேயே பிடிப்பது நல்லது என்ற எண்ணம் வலுத்தது. நார்ட்டன் ஆன்டிவைரஸ் 2000 இதற்கு எடுத்த வழி வேடிக்கையானது. அது உங்கள் அஞ்சல் கணக்கின் அமைப்புகளையே திருத்திவிடும். பெறும் சேவையகம் என்ற இடத்தில் `pop3.norton.antivirus` என்று இருக்கும். பயனர் பெயர் இருந்த இடத்தில் பெயர், ஒரு சாய்கோடு, அதற்குப் பின் உண்மையான சேவையகத்தின் பெயர். அப்படி ஒரு சேவையகம் உலகில் எங்கும் இல்லை. கணினியின் `hosts` கோப்பில் அந்தப் பெயருக்கு நேரே 127.0.0.1, அதாவது "இதே கணினி" என்று எழுதப்பட்டிருக்கும். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் வெளியே போவதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே ஒருவரிடம் கடிதம் கேட்கும். அவர் வெளியே போய் வாங்கி, சோதித்து, கொண்டுவந்து கொடுப்பார்.

இதிலிருந்து இரண்டு கோளாறுகள் பிறந்தன. முதலாவது, மென்பொருளை நீக்கிய பிறகு வருவது. காவலர் போய்விட்டார், ஆனால் கணக்கில் அவர் முகவரி மட்டும் நின்றுவிட்டது. அஞ்சல் நிரல், அந்தச் சேவையகத்தைக் காணவில்லை என்று சொல்லும். சாய்கோட்டுக்குப் பின்னால் இருந்த பெயரைச் சேவையகப் பெட்டியில் திருப்பி எழுதினால் தீர்ந்தது. இங்கே "ஆன்டிவைரஸை எடுத்துடுங்க" என்ற அறிவுரைதான் நோயையே உண்டாக்கியது!

இரண்டாவது, காத்திருப்பு. காவலர் முழுக் கடிதத்தையும் வாங்கிச் சோதித்து முடிக்கும்வரை அஞ்சல் நிரலுக்கு ஒரு எழுத்துகூட வராது. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் இயல்பாக ஒரு நிமிடம்தான் பொறுக்கும். தொலைபேசிவழி மோடத்தில் ஒரு பெரிய படம் வந்து இறங்க அதைவிட அதிக நேரம் ஆகும். ஆகவே நேரம் கடந்தது என்ற பிழை வரும். மறுபடி முயன்றால் அதே கடிதத்தில் அதே இடத்தில் நிற்கும். சின்னக் கடிதங்கள் வந்து, ஒரு பெரிய கடிதத்தில் மட்டும் தவறாமல் சிக்கினால், காரணம் இதுவாக இருக்கலாம் என்று ஊகிக்கலாம்.

அடுத்த தலைமுறைப் புழுக்கள் அவுட்லுக்கை நம்பியிருக்கவில்லை. 2004 ஜனவரி 26ஆம் தேதி வெளிப்பட்ட மைடூம் தனக்கென்று ஒரு அஞ்சல் அனுப்பும் இயந்திரத்தையே சுமந்து வந்தது. இதற்கு எதிராக மெக்காஃபியின் நிறுவன வெளியீடான வைரஸ்ஸ்கேன் 8.0ஐ-இல் ஒரு விதி வந்தது. பட்டியலில் உள்ள அஞ்சல் நிரல்களைத் தவிர வேறு எந்த நிரலும் 25ஆம் போர்ட்டில் வெளியே பேசக் கூடாது. புழுவுக்கு அது நல்ல பூட்டு. ஆனால் பட்டியலில் இல்லாத கணக்கெழுதும் நிரல் ஒன்று ரசீதை அஞ்சலில் அனுப்ப முயன்றால் அதுவும் மாட்டும். அவுட்லுக் அனுப்புகிறது, இன்னொரு நிரல் அனுப்பவில்லை என்றால் இந்த வகைப் பூட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கணினிக்கு வெளியே, அலுவலக வாசலில் நின்ற ஃபயர்வால்களின் கதை வேறு. சிஸ்கோவின் பிக்ஸ் ஃபயர்வாலில் மெயில்கார்டு என்ற வசதி இருந்தது. ஆர்.எஃப்.சி. 821-இன் ஏழு அடிப்படைக் கட்டளைகளை மட்டும்தான் அது உள்ளே விடும். மற்றவற்றை X என்ற எழுத்துகளாக மாற்றி அனுப்பும். சேவையகம் தன் பெயரையும் பதிப்பையும் சொல்லும் வரவேற்பு வரியையும் மறைத்துவிடும். டெல்நெட்டில் இணைந்தால் இப்படித் தெரியும்:

```
220 ***********************0*2******0****
```

2, 0 என்ற இலக்கங்களைத் தவிர எல்லாம் நட்சத்திரம். அந்த வரியைப் பார்த்தவுடனேயே நடுவில் நிற்பவர் யார் என்று அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள். மெயில்கார்டு நின்றது 1982இன் சட்டத்தில். உலகமோ 1993இலேயே நகர்ந்துவிட்டது. அந்த ஆண்டு வந்த விரிவாக்கப்பட்ட நெறிமுறையில் வணக்கம் HELO அல்ல, EHLO. கடவுச்சொல் கொடுப்பது, இணைப்பை மறையாக்கும் STARTTLS எல்லாம் அதன் வழியாகத்தான் வந்தன. EHLO உள்ளே போகாவிட்டால் இவை ஒன்றும் கிடையாது. போர்ட் திறந்திருக்கும், பதிலும் வரும், கடிதம் மட்டும் போகாது. ஏ.எஸ்.ஏ. என்ற பிந்தைய ஃபயர்வாலுக்கு EHLO தெரியும். ஆனாலும் STARTTLS என்ற எட்டு எழுத்தை `XXXXXXXA` என்று மாற்றிக் காட்டும் வழக்கம் அதில் இருந்தது. மறையாக்கிவிட்டால் தன்னால் படிக்க முடியாது என்பதால் அந்த வாய்ப்பையே அழித்துவிட்டது.

கணினிக்குள் இருந்த காவலருக்கும் இதே சங்கடம்தான். சென்ற ஆண்டு ஒரு தணிக்கையாளர் நண்பரின் அலுவலகத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். தண்டர்பேர்டில் அஞ்சல் வருகிறது, போகவில்லை. கணினியில் சந்தா புதுப்பிக்காத பழைய வைரஸ் தடுப்பு மென்பொருள். "இணைப்புப் பாதுகாப்பை 'எதுவுமில்லை'ன்னு மாத்திட்டா போயிடும்னு தம்பி சொல்றான் சார், மாத்திடவா?" என்று நண்பர் கேட்டார். பொறுக்கச் சொல்லிவிட்டு, பவர்ஷெல்லில் இதைக் கொடுத்தேன்:

```
Test-NetConnection 192.0.2.1 -Port 587
```

192.0.2.1 என்பது ஆவணங்களில் உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கிய முகவரி. அங்கே எந்தக் கணினியும் கிடையாது. ஒழுங்கான கணினியில் கொஞ்ச நேரம் காத்திருந்து `TcpTestSucceeded : False` என்று வர வேண்டும். அங்கே வந்தது `True`. இல்லாத வீட்டிலிருந்து "யாரது?" என்று குரல் வந்தால் பேசுவது வீட்டுக்காரர் அல்ல. அதே கம்பியில் இருந்த இன்னொரு மடிக்கணினியில் `False` வந்ததால், குரல் ரவுட்டரிலிருந்து வரவில்லை, இந்தக் கணினிக்குள்ளிருந்தே வருகிறது என்பதும் தெளிந்தது. இந்த ஒப்பீடு முக்கியம். இரண்டிலும் `True` வந்திருந்தால் வாசல் ஃபயர்வாலையோ இணையச் சேவையையோ பார்த்திருக்க வேண்டும்.

அடுத்து உண்மையான சேவையகத்துடன் டெல்நெட்டில் பேசிப் பார்த்தேன். (விண்டோஸில் டெல்நெட் இயல்பாக இருக்காது. 'விண்டோஸ் அம்சங்கள்' பகுதியில் சேர்க்க வேண்டும்.) பெயரை மாற்றித் தருகிறேன்:

```
telnet mail.example.com 587
220 mail.example.com ESMTP
EHLO test
250-mail.example.com
250-PIPELINING
250 8BITMIME
```

மடிக்கணினியிலும் இதே உரையாடல்தான், ஆனால் `250-STARTTLS` என்ற ஒரு வரி கூடுதல். இந்தக் கணினியில் காவலர் அந்த வரியை விழுங்கியிருந்தார். தண்டர்பேர்டோ மறையாக்காமல் அனுப்ப மாட்டேன் என்று சரியாகவே மறுத்தது. தம்பி சொன்னபடி செய்திருந்தால் கடிதம் போயிருக்கக்கூடும். ஆனால் கடவுச்சொல் மறைப்பின்றிக் காவலர் கைக்குப் போகும். அவர் அதை வெளியே எப்படிக் கொண்டுபோகிறார் என்று நமக்குத் தெரியாது. நாளை அந்த மென்பொருளை நீக்கினால், அதே அமைப்பில் கடவுச்சொல் திறந்த அஞ்சலட்டைபோல இணையத்தில் பயணிக்கும்.

மென்பொருளின் அஞ்சல் சோதனையை மட்டும் நிறுத்திவிட்டு, மற்றதை அப்படியே விட்டோம். முதல் சோதனையில் `False` வந்தது, கடிதமும் போனது. இதனால் பாதுகாப்பு அதிகம் குறைவதில்லை. இணைப்புக் கோப்பைச் சேமிக்கும்போதோ திறக்கும்போதோ கோப்புக் காவல் அதைப் பார்க்கும். புதுப்பிக்காத மென்பொருளை வைத்திருப்பது தனி ஆபத்து, அதையும் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு எச்சரிக்கை: மூலையில் உள்ள சின்னத்தில் "தற்காலிகமாக நிறுத்து" கொடுத்தாலும், வலைப்பின்னலில் அமர்ந்திருக்கும் டிரைவர் சில மென்பொருள்களில் விலகுவதில்லை. "ஆஃப் பண்ணிப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கு" என்பது காவலர் நிரபராதி என்பதற்குச் சாட்சி ஆகாது. 192.0.2.1-ஐ மறுபடி கேட்டுப் பாருங்கள்.

டெல்நெட்டுக்கு எல்லை உண்டு. 465, 993 போர்ட்டுகளில் முதல் எழுத்திலிருந்தே மறையாக்கம். அங்கே டெல்நெட் வெற்றுத் திரையைத்தான் காட்டும், அது கோளாறு அல்ல. அங்கே கேட்க வேண்டியது இது:

```
openssl s_client -connect mail.example.com:993
```

வரும் பதிலில் `issuer` என்ற வரியைப் பாருங்கள். சான்றிதழை வழங்கியவர் பெயராக அறியப்பட்ட சான்றளிப்பு நிறுவனம் இருந்தால், நீங்கள் சேவையகத்தோடு பேசுகிறீர்கள். வைரஸ் தடுப்பு மென்பொருளின் பெயர் இருந்தால், காவலர் தானே சான்றிதழ் அச்சடித்துக்கொண்டு நடுவில் நிற்கிறார். தன் மூலச் சான்றிதழை அவர் விண்டோஸில் பதிந்திருப்பார், அதனால் அவுட்லுக் நம்பிவிடும். தண்டர்பேர்டு தனக்கென்று ஒரு சான்றிதழ்ப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் அவர் பெயர் சேராவிட்டால் மறுத்துவிடும். ஒரே கணினியில் ஒன்று ஓடி, மற்றது சான்றிதழ் சரியில்லை என்று புலம்பினால் இதுதான் தடயம்.

2000இல் அமைப்புப் பெட்டியில் ஒரு போலிப் பெயர், பிறகு நட்சத்திரங்கள், பிறகு காணாமல் போன ஒரு வரி, இப்போது சான்றிதழில் ஒரு கையெழுத்து. காவலர் ஒளியும் இடம் மாறியிருக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு வரியில் தன் தடத்தை விட்டிருக்கிறார். எனவே கடவுச்சொல்லையும் கணக்கையும் மாற்றிப் பார்ப்பதற்கு முன், அந்த வரியைத் தேடிப் படித்துவிடுவது நல்லது.