நந்தன் வரலாறும் வரலாற்றுச் சான்றும்: கோலார் தங்கவயல் பதிப்பு ஒன்றை முன்வைத்து

முன்னுரை

அடியார் வரலாறுகளை வரலாற்றாசிரியர் எவ்வாறு சான்றாகக் கொள்வது என்னும் வினாவிற்குத் திருநாளைப்போவார் என்னும் நந்தனாரின் வரலாறு தக்கதோர் ஆய்வுக்களமாக அமைகிறது. ஒரே அடியாரைப் பற்றி ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுக் காலத்தில் ஐந்து நிலைகளில் எழுத்துச் சான்றுகள் கிடைக்கின்றன. அவற்றுள் இறுதி நிலை, சைவ மரபிற்கு முற்றிலும் மாறான ஒன்று. கருநாடக மாநிலத்துக் கோலார் தங்கவயலின் தமிழ்ப் பௌத்தர்களால் நூலாக்கிப் பரப்பப்பட்டது. இவ்வைந்தையும் ஒரே அளவுகோலால் அளந்து, எது எதற்குச் சான்றாகும் என வரையறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதை வளர்ந்த படிகள்

கி.பி. 8ஆம் நூற்றாண்டினரான சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவார் என்னும் பெயரை மட்டுமே சுட்டுகிறார். ஊர், குலம், செயல் எவையும் அங்கில்லை. அடுத்து நம்பியாண்டார் நம்பி தம் திருத்தொண்டர் திருவந்தாதியில் ஒரு பாடலை இவருக்கு ஒதுக்குகிறார். ஆதனூர் என்னும் ஊரும், புலைமை நீங்கியமையும், தில்லை மூவாயிரவர் கைகூப்ப முனிவரானமையும் அதிற் காணப்படுகின்றன. தீயில் மூழ்கிய செய்தி அதில் இல்லை. நந்தன் என்னும் பெயரும் இல்லை.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இதனை 37 பாடல்களாக விரிக்கிறார். நந்தனார் என்னும் பெயர், ஆதனூர்ப் புலைப்பாடியின் காட்சி, கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்த தொண்டு, திருப்புன்கூரில் நந்தி விலகியமை, தில்லையில் எரிபுகுந்து பூணூல் மார்பினராய் எழுந்தமை ஆகியன இங்கேதான் முதன்முதல் எழுத்துருப் பெறுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை, நந்தனை அடக்கியாளும் அந்தண நிலக்கிழாரையும், ஓரிரவில் பயிர் விளைந்து முற்றிய அற்புதத்தையும் சேர்க்கிறது. சேக்கிழார் பாடலில் இவ்விரண்டும் இல்லை.

ஐந்தாம் நிலை அயோத்திதாசப் பண்டிதருடையது. 1907இல் தொடங்கிய தம் இதழில் அவர் எழுதிய ‘இந்திரர் தேச சரித்திரம்’ நந்தனைப் பௌத்த அரசனாகக் காட்டுகிறது. வேடப் பிராமணரை வினவி அவர்தம் பொய்ம்மையை வெளிப்படுத்தியதால் அவன் வஞ்சகமாகக் கொல்லப்பட்டான் என்கிறது. பண்டிதர் 1914இல் மறைந்தபின் அவர்தம் எழுத்துகளைத் தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை நூல்களாக வெளியிட்டது. ‘தமிழன்’ இதழும் 1926 முதல் அங்கிருந்து ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வெளிவந்தது.

எழுதிய காலத்திற்கு உரிய சான்று

இப்படிகளை நிரல்படுத்தியதும் முதல் விதி புலப்படுகிறது. அடியார் வரலாறு, அடியார் வாழ்ந்த காலத்தைவிட அது எழுதப்பட்ட காலத்திற்கே நெருங்கிய சான்றாகும். சேக்கிழார் காட்டும் புலைப்பாடி, ஊருக்குப் புறம்பே அமைந்து, ஊர்த்தொண்டிற்கு ஈடாக விடப்பட்ட நிலத்தை நம்பி வாழும் குடியிருப்பு. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் இறையிலி நிலங்களைக் கணக்கிடுகையில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பவற்றை ஊர்நத்தத்தினின்று பிரித்துச் சுட்டுகின்றன. அடியாரைப் புகழும் நோக்கமற்ற வரிக்கணக்கு, புராணத்தின் சமூகக் காட்சியோடு ஒத்துப்போகிறது. எனவே அக்காட்சியைச் சோழர் காலத்திற்குச் சான்றாகக் கொள்ளலாம். சுந்தரருக்கு முற்பட்ட நந்தனார் காலத்து ஆதனூருக்கு அதனைச் சான்றாக்குதல் பொருந்தாது.

இவ்வாறே கீர்த்தனையின் அந்தண நிலக்கிழார் 12ஆம் நூற்றாண்டிற்குச் சான்றல்லர். பண்ணையாள் தன் விருப்பப்படி ஓரிரவு கூட வெளியேற இயலாத 19ஆம் நூற்றாண்டுக் காவிரிப்படுகையின் உழைப்புமுறைக்கே அப்பாத்திரம் சான்று பகர்கிறது. 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறைக்குரிய சட்ட ஏற்பினை நீக்கிய பின்னரும் அப்பிணைப்பு மேடையில் கேட்போர்க்கு விளக்கம் தேவைப்படாத அளவு பழகியதாயிருந்தது.

மௌனத்தின் எல்லை

நம்பியின் பாடலில் எரி இல்லை என்பதால் அதனைச் சேக்கிழார் படைத்துக்கொண்டார் எனலாமா? ஒரு பாடலின் மௌனம் இல்லாமைக்குச் சான்றாகாது. முதலாம் இராசராசன் காலத்திலேயே சிறுத்தொண்டர், மெய்ப்பொருள் நாயனார் முதலியோரின் செப்புத்திருமேனிகள் தஞ்சைக் கோயிலில் நிறுவப்பட்டமையைக் கல்வெட்டுகள் கூறும். ஆகவே சேக்கிழாருக்கு முன்பே அடியார் கதைகள் வழங்கின என்பது உறுதி. எரி பற்றிய செய்தியும் அவ்வாறு வழங்கியிருக்கக்கூடும்.

இந்த இடத்தில்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். நந்தன் தில்லையில் எரித்துக் கொல்லப்பட்டான், புராணம் அக்கொலையை அற்புதமாக மறைத்தது என்னும் கருத்து இன்று பலராலும் கூறப்படுகிறது. அதன் அறச்சீற்றம் புரிந்துகொள்ளத்தக்கது. ஆயினும் முந்தைய சான்றில் காணப்படாத எரியை 12ஆம் நூற்றாண்டு நூலிலிருந்து எடுத்து, அதன் அற்புதத்தை மட்டும் களைந்து எஞ்சியதை நிகழ்ச்சி எனக் கொள்வது முறையன்று. அற்புதத்தை நீக்கினால் எஞ்சுவது வரலாறாகிவிடாது. அற்புதம் நீக்கப்பட்ட கதையாகவே அது நிற்கும்.

எரி நமக்குச் சொல்வது வேறொன்று. நம்பியின் பாடலில் இறையருளே புலைமை நீங்கப் போதுமானதாயிருந்தது. சேக்கிழாரிடம் இறைவன் கனவில் ஆணையிட்ட பின்னரும் உடல் எரியில் மாறிப் பூணூல் பூண்டே கோயிலுட் செல்ல வேண்டியிருக்கிறது. பக்திக்குக் குலமில்லை என்னும் கொள்கையும் கோயில் வாயிலின் நடைமுறையும் அக்காலத்தில் முரண்பட்டு நின்றன என்பதற்கு இக்காட்சி வலுவான சான்றாகும்.

தங்கவயல் நந்தன்

அயோத்திதாசரின் நந்தனும் இதே விதிகளுக்கு உட்பட்டவன். அவனைச் சோழர் காலத்திற்கு முற்பட்ட அரசனாக நிறுவும் கல்வெட்டோ காசோ இல்லை. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதியில் நந்தன் கால்வாய் உள்ளதைச் சுட்டலாம். எனினும் பெயரொற்றுமை மட்டும் ஆளொற்றுமை ஆகாது.

அவ்வாறெனில் அந்நூலைப் புனைவு என ஒதுக்கிவிடலாமா? சேக்கிழாரை எழுதிய காலத்திற்குச் சான்றாக ஏற்கும் ஆய்வாளர், தங்கவயல் பதிப்பிற்கு அத்தகுதியை மறுப்பது நடுநிலையன்று. 1880களில் தொடங்கிய சுரங்கங்களில் பெரும் எண்ணிக்கையில் உழைத்தோர் வடஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து குடியேறிய ஒடுக்கப்பட்ட மக்கள். அவர்கள் நிலக்கிழாரின் பிடியைவிட்டு நீங்கிக் கூலி பெற்றனர், பௌத்தச் சங்கம் அமைத்தனர், நூல்களை அச்சிட்டனர். பண்ணையாளாக எரிபுகுந்து தூய்மை பெறும் முன்னோனை விடுத்து, வினவிய குற்றத்திற்காக வீழ்ந்த அரசனை முன்னோனாகக் கொண்ட நூல் அவர்களிடையே பதிப்பும் வாசிப்பும் பெற்றது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர்கள் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணத்திற்கு இதனினும் நேரடியான சான்று அரிது. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர் இச்சான்றின் மதிப்பு மேலும் கூடுகிறது.

முடிவுரை

ஒவ்வொரு கூறும் எந்த நூலில் முதன்முதல் தோன்றுகிறது எனக் காணல், அதனை அடியாரோடு தொடர்பற்ற சான்றோடு ஒப்பிடல், மௌனத்தை மறுப்பாகக் கொள்ளாமை, நாம் விரும்பும் கதைக்கும் விரும்பாத கதைக்கும் ஒரே அளவுகோல் கொள்ளல் ஆகிய நான்கும் இவ்வாய்வால் பெறப்படும் நெறிகளாம். இவற்றின்படி நோக்குமிடத்து, வாழ்ந்த நந்தனைப் பற்றி உறுதியாகக் கூறத்தக்கது, திருநாளைப்போவார் என்றோர் அடியார் சுந்தரர் காலத்திற்குள் போற்றப்பட்டார் என்பதே. அவரை நினைவுகூர்ந்த ஐந்து காலங்களைப் பற்றியோ நிறையக் கூற இயலும்.