தொண்ணூறு நாள் கணக்கு

அமெரிக்காவின் கே-1 விசா, அதாவது நிச்சயித்த பெண்ணையோ பையனையோ வரவழைக்கும் விசா, அதற்கு ஏன் 90 நாள் கெடு? தேடிப் போனால் 1946-ல் போய் நிற்கிறது.

போரில் வெளிநாடு போன வீரர்கள் பலர் அங்கேயே காதலித்தார்கள். கட்டிக்கொண்டவர்களின் மனைவிமார் வர 1945-லேயே சட்டம் வந்துவிட்டது. நிச்சயம் மட்டும் ஆனவர்களுக்கு 1946 ஜூனில் தனிச்சட்டம்: மூன்று மாதம் தற்காலிக விருந்தாளியாக வரலாம், கல்யாணம் நடக்காவிட்டால் திரும்பிப் போக வேண்டும். அந்தச் சட்டம் சில வருஷத்தில் காலாவதியானது. அதே மூன்று மாதக் கெடு 1970-ல் கே விசாவாகத் திரும்பி வந்தது.

அப்போது கல்யாணம் முடிந்து, வேறு தடை இல்லையென்றால், நிரந்தர வசிப்புரிமையை அரசே பதிவு செய்யும். 1986-ல் போலித் திருமணத் தடுப்புச் சட்டம் இதை மாற்றியது. மனு போடுவதற்கு முந்தைய 2 வருஷத்துக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு I-485 விண்ணப்பம் தனியாகப் போட வேண்டும். கிடைப்பதும் முதலில் 2 வருஷ நிபந்தனை அட்டைதான்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மார்ச் 1 இறங்கிய பெண் மே 20 தாலி கட்டிக்கொண்டால் கெடு தப்பியது, அவ்வளவுதான். I-485 போடாமல் இருந்தால் மே முடிந்ததும் அவர் அந்தஸ்து இல்லாதவர். மனு போட்டவரை விட்டு வேறொருவரைக் கட்டினாலோ, அங்கிருந்தபடியே அந்தஸ்து மாற்ற வழியில்லை.

1970-ல் கல்யாணம் கதவைத் திறந்தது. 1986-க்குப் பிறகு அது கதவைத் தட்டும் உரிமை மட்டுமே.