சீரற்ற இதயத் துடிப்பும் தானியங்கி இரத்த அழுத்த அளவீடும்

இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும்போது தானியங்கி இரத்த அழுத்தக் கருவி காட்டும் அளவுகள் முறைக்கு முறை மாறுகின்றன. நாடித் துடிப்பின் எண்ணிக்கையும் பல வேளைகளில் தவறாகவே வருகிறது. துடிப்பு ஒழுங்கு தவறும் நிலைகளுள் நீடித்துக் காணப்படுவதில் முதன்மையானது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் மேலறை நடுக்கம். இந்த நிலையில் இதயத்தின் மேலறைகள் ஒருசேரச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். அங்கிருந்து கீழறைகளுக்கு வரும் மின்தூண்டல்களுக்குக் கால ஒழுங்கு கிடையாது. எனவே நாடியைத் தொட்டுப் பார்த்தால் இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரமும் துடிப்பின் வலுவும் மாறிக்கொண்டே இருக்கும். வயது ஏற ஏற இந்நிலை பெருகுகிறது. நெடுநாள் உயர் இரத்த அழுத்தம் இதற்கு முக்கியக் காரணம். இந்தியாவில் சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலால் சுருங்கிப்போன மைட்ரல் வால்வும் இன்னமும் ஒரு காரணமாக இருக்கிறது.

கருவி எப்படி அளக்கிறது

பட்டையைக் கட்டிப் பொத்தானை அழுத்தியதும் கருவி காற்றை ஏற்றித் தமனியை அழுத்தி மூடுகிறது. பிறகு மெல்ல இறக்குகிறது. இறங்கும்போது ஒவ்வொரு துடிப்பும் பட்டைக்குள் உள்ள காற்றில் சிறு அதிர்வை உண்டாக்கும். அதிர்வுகள் முதலில் சிறிதாகத் தொடங்கி, வளர்ந்து, உச்சத்தைத் தொட்டு, மீண்டும் தேயும். உச்ச அதிர்வு வரும் இடத்து அழுத்தமே ஏறக்குறைய சராசரித் தமனி அழுத்தம். கருவி நேரடியாகக் கண்டறிவது இது ஒன்றைத்தான். திரையில் தெரியும் மேல் அளவும் கீழ் அளவும் அதிர்வுகள் வளர்ந்து தேய்ந்த விதத்திலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுபவை. அந்தக் கணக்கை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் வணிக இரகசியமாக வைத்திருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் ‘மெஷின் சொன்னது’ என்று எடுத்துக்கொள்ளும் 130/80 உண்மையில் ஓர் ஊகம். துடிப்பு சீராக இருக்கும்வரை அது நல்ல ஊகம்தான்.

அடுத்தடுத்த துடிப்புகள் ஏறக்குறைய ஒரே வலுவுடையவை என்ற எடுகோளின் மேல் இக்கணக்கு நிற்கிறது. மேலறை நடுக்கத்தில் அந்த எடுகோள் உடைகிறது. இரு துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி நீண்டால் கீழறை நன்றாக நிரம்பி, அடுத்த துடிப்பு வலுவாக விழும். மேல் அளவு உயரும். அந்த நீண்ட இடைவெளியில் தமனியிலிருந்து இரத்தம் வடிந்துகொண்டே இருப்பதால் அதற்கு முந்தைய கீழ் அளவு தாழ்ந்திருக்கும். இடைவெளி குறுகினால் கீழறை நிரம்ப நேரமில்லை; துடிப்பு மெலியும். ஆக, ஒரே நிமிடத்துக்குள் ஒரே மனிதரிடம் பல இரத்த அழுத்தங்கள் இருக்கின்றன. வலுவான துடிப்பு ஒன்று தற்செயலாக முன்கூட்டியே விழுந்தால் கருவி உச்சத்தை ஓரிடத்தில் வைக்கும். அதே இடத்தில் மெலிந்த துடிப்பு விழுந்திருந்தால் வேறோரிடத்தில் வைக்கும். எந்தத் துடிப்பு எந்த அழுத்தத்தில் அகப்படும் என்பது தற்செயல். கருவி சில வேளைகளில் பிழைக்குறி காட்டி நின்றுவிடுவதும், மீண்டும் மீண்டும் காற்றேற்றிக் கையை நோகடிப்பதும் இதனால்தான்.

பிழை எல்லா அளவிலும் ஒரே மாதிரி இல்லை. காதால் கேட்டு அளக்கும் முறையோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பல முறை அளந்து சராசரி எடுத்தால் மேல் அளவு பெரும்பாலும் ஏற்கத்தக்கதாகவும், கீழ் அளவு சற்றுக் கூடுதலாகவும் வருவது தெரிந்தது. எனவே மேலறை நடுக்கம் உள்ளவர் தானியங்கிக் கருவியை வைத்துக்கொள்வதே வீண் என்பது சரியன்று. ஒரே ஒரு அளவை நம்புவதுதான் தவறு. கருவிகளின் துல்லியத்தைச் சோதிக்கும் பன்னாட்டுத் தரநிலையும் மேலறை நடுக்கம் உள்ளோரைத் தனிப் பிரிவாகவே கருதுகிறது. ஆகவே ‘சோதித்துச் சான்று பெற்ற கருவி’ என்ற முத்திரை இவர்கள் விஷயத்தில் முழு உறுதி தருவதில்லை.

நாடி எண்ணிக்கையின் பிழை

இரத்த அழுத்த அளவைக் காட்டிலும் அதிகம் ஏமாற்றுவது திரையின் அடியில் வரும் நாடி எண். மிக மெலிந்த துடிப்பு கைத் தமனிவரை எட்டுவதில்லை. எட்டாததைக் கருவி எண்ணவும் முடியாது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டால் நிமிடத்துக்கு 112, மணிக்கட்டில் 88 என்று இருக்கலாம். இந்த 24 வேறுபாட்டுக்கு நாடிக் குறைபாடு என்று பெயர். துடிப்பு வேகம் மருந்தால் கட்டுப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும்போது 88-ஐ நம்பினால் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். இதயமோ 112-இல் ஓடிக்கொண்டிருக்கும்.

மேலறை நடுக்கம் அல்லாத சீர்குலைவிலும் இப்படி நேர்கிறது. ஒவ்வொரு இயல்பான துடிப்புக்கும் பின்னால் முந்திக்கொண்டு வரும் ஒரு மெலிந்த துடிப்பு இருந்தால், கருவி இரண்டுக்கு ஒன்றையே எண்ணும். இ.சி.ஜி.யில் 76 இருக்க, திரையில் 38 தெரியும். இந்த எண்ணைப் பார்த்து அஞ்சி, துடிப்பைக் குறைக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுவோர் உண்டு. நிறுத்துவதற்கு முன் நெஞ்சில் கேட்டு ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும், அல்லது இ.சி.ஜி. எடுக்க வேண்டும். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கும் வழக்கம் இங்கே உதவாது. ஒழுங்கற்ற துடிப்பில் அந்தப் பெருக்கல் பிழையையும் நான்கு மடங்காக்கும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் நாடி அலையைத்தான் எண்ணுகிறது. ஆகையால் அதைக் கொண்டு இந்தப் பிழையைத் திருத்த முடியாது.

காதால் கேட்டு அளத்தல்

பிரிட்டனின் நைஸ் அமைப்பு உயர் இரத்த அழுத்தத்துக்காக வெளியிட்டுள்ள வழிகாட்டுதல், அளக்கத் தொடங்குமுன் நாடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறது. நாடி சீரற்றிருந்தால் தானியங்கிக் கருவியை விட்டுவிட்டு, முழங்கை மடிப்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு அளக்கச் சொல்கிறது. ரஷ்ய மருத்துவர் நிக்கோலாய் கொரோட்கோவ் 1905-இல் அறிவித்த அதே முறைதான் இது. ஆனால் காதால் கேட்டுவிட்டால் பிழை வராது என்றும் இல்லை. பட்டையின் காற்றை இறக்கும் வேகத்தில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

பரபரப்பான புறநோயாளர் பிரிவில் வினாடிக்கு 5 மி.மீ. வேகத்தில் இறக்குவது சாதாரணமாக நடப்பது. இரு துடிப்புகளுக்கு இடையே ஒன்றரை வினாடி இடைவெளி விழுந்தால், அதற்குள் அழுத்தம் ஏழு எட்டு மி.மீ. இறங்கிவிடும். முதல் ஒலி வரவேண்டிய இடம் மௌனமாகக் கடந்துபோக, மேல் அளவு குறைத்தே குறிக்கப்படும். வினாடிக்கு 2 மி.மீ. வேகத்தில் இறக்கினால் அதே இடைவெளியில் இழப்பு 3 மி.மீ. மட்டுமே. தொடக்கத்தில் வலுவான துடிப்புகள் மட்டும் விட்டுவிட்டுக் கேட்கும். மெலிந்தவை பின்னரே சேரும். இறுதியில் ஒலி மறையும் இடத்திலும் இதே தயக்கம் உண்டு. ‘நின்றுவிட்டது’ என்று முடிவு செய்தபின் இன்னொரு துடிப்பு கேட்கலாம். எனவே காதால் கேட்கும்போதும் குறைந்தது மூன்று முறை அளந்து சராசரியையே எழுத வேண்டும்.

வீட்டில் அளக்கும் முறை

வீட்டில் ஸ்டெதஸ்கோப் வைத்து அளக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அங்கே தானியங்கிக் கருவியே துணை. மேற்கையில் கட்டும் கருவியாக இருக்க வேண்டும். மணிக்கட்டுக் கருவி சீரான துடிப்புள்ளவருக்கே நம்பத்தகுந்த அளவைத் தருவது கடினம். பட்டை கையின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும். சிறியதாக இருந்தால் அளவு கூடிக் காட்டும். காபி, புகை முதலியவற்றை விட்டு அரை மணி நேரம் கழித்து, சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகு சாய்த்து, பாதங்கள் தரையில் படிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை, மேசையின் மேல் நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். இவை எல்லோருக்கும் பொதுவானவை. சீரற்ற துடிப்புள்ளவருக்குக் கூடுதலாக வேண்டியது, ஒரு நிமிட இடைவெளி விட்டுக் குறைந்தது மூன்று அளவு எடுப்பதும், மூன்றையும் எழுதுவதும். காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் இப்படி ஏழு நாட்கள் எடுத்தால், முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாட்களின் சராசரியை மருத்துவர் கணக்கில் கொள்வார்.

எடுத்துக்காட்டாக, மேலறை நடுக்கம் உள்ள ஒருவரின் ஒரு காலை நேர அளவுகள் 148/86, 126/92, 139/81 என்று வந்ததாகக் கொள்வோம். முதலாவதைப் பார்த்தால் மாத்திரையைக் கூட்டத் தோன்றும். இரண்டாவதைப் பார்த்தால் மேல் அளவு நன்றாகக் கட்டுப்பட்டிருப்பதாகத் தோன்றும், கீழ் அளவோ கூடுதல். மூன்றின் சராசரி 138/86. வீட்டு அளவுக்கான எல்லை 135/85 என்பதால், இது சற்றே கூடுதல். ஒரு வேளைக் கணக்கை வைத்து முடிவு செய்யாமல் வாரச் சராசரிக்குக் காத்திருக்க வேண்டிய அளவு. இங்கே பலரும் செய்யும் தவறு 148-ஐ ‘மெஷின் கோளாறு’ என்று அடித்துவிட்டு 126 வரும்வரை மறுபடி மறுபடி அழுத்துவது. அப்படிச் செய்தால் மூன்று அளவும் வீணாகிவிடும். பிழைக்குறி வந்த முறையை மட்டும் விலக்கிவிட்டு, பட்டையைச் சரிசெய்து ஒரு நிமிடம் கழித்து மீண்டும் எடுக்கலாம். மூன்று அளவுகளும் பெரிதாக விலகி நின்றால் இன்னும் இரண்டு எடுத்து ஐந்தின் சராசரியைக் கொள்ளலாம். துடிப்பு வேகம் மிகுந்திருக்கும்போது அளவுகள் அதிகம் சிதறும். வேகம் மருந்தால் அடங்கியபின் சிதறல் குறையும்.

திரையில் வரும் சீரற்ற துடிப்புக் குறி

பல கருவிகள் ஒழுங்கற்ற துடிப்பைக் கண்டால் இதய வடிவக் குறி காட்டுகின்றன. சராசரி இடைவெளியிலிருந்து ஏதாவது துடிப்பு 25 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் இக்குறி வருமாறு சிலவற்றில் அமைத்திருக்கிறார்கள். முந்திவரும் ஒற்றைத் துடிப்புக்கும், கையை அசைத்ததற்கும்கூட இது வரலாம். ஆகவே இது நோயறிதல் அல்ல. மேலறை நடுக்கத்துக்கென்றே வேறு கணக்கு கொண்ட கருவிகளும் உள்ளன. அவை மிக விலகிய இடைவெளிகளை விலக்கிவிட்டு மற்றவற்றின் சிதறலைப் பார்க்கின்றன. மூன்று முறை அளந்து பெரும்பான்மை முடிவைச் சொல்கின்றன. அத்தகைய கருவியொன்றை நைஸ் 2013-இல் பரிந்துரைத்தது. எனினும் மேலறை நடுக்கத்தை உறுதி செய்வது இ.சி.ஜி. மட்டுமே. விட்டுவிட்டு வரும் வகையில், அளக்கும் நேரத்தில் துடிப்பு சீராக இருந்தால் குறி வராது; குறி வராததால் நோய் இல்லை என்றாகாது.

குறி திரும்பத் திரும்ப வந்தால் இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குச் செல்லக்கூடும். மேலறை நடுக்கம் பக்கவாத வாய்ப்பை ஏறத்தாழ ஐந்து மடங்காக்குகிறது. வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல், மயக்கம், நெஞ்சுவலி இவற்றில் எது வந்தாலும் இரத்த அழுத்தக் கருவியைத் தேடாமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.