தண்ணியில் கிடந்தவன்: தென்காசிப் பேச்சில் துட்டு, குடி, கஞ்சா

செய்தியாளர் நண்பர் ஒருவர் தென்காசி, குற்றாலம் பக்கம் எடுத்த பேட்டிகளின் எழுத்துப்படியை அனுப்பி, புரியாத சொற்களுக்கு அர்த்தம் கேட்டிருந்தார். அகராதி மாதிரி பட்டியல் போட்டால் உதவாது என்று தோன்றியது. இந்தச் சொற்களில் பாதிக்கு மேல் சாதாரணச் சொற்கள்தான். கூட வரும் வினைதான் அர்த்தத்தை மாற்றுகிறது. அந்தப் பேட்டிகளில் இருந்து எடுக்காமல், நானே ஒரு மாதிரி வாக்கியம் எழுதிக்கொள்கிறேன்:

"சீசன்ல நாலு துட்டு பாத்தான். அன்னைக்கு ராத்திரி தண்ணியில கெடந்தான். காலையில கட்டிங் குடுத்துட்டுத்தான் வெளிய வந்தான்."

முதலில் துட்டு. டச்சுக் கம்பெனி 1658ல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தது. அவர்களுடைய சின்னச் செப்புக்காசின் பெயர் டாய்ட். துட்டு என்ற சொல்லை அதோடு இணைத்துச் சொல்வது வழக்கம். காசு ஒழிந்துபோனது, சொல் பணம் என்ற பொதுப்பொருளில் நின்றுவிட்டது. "நாலு துட்டு" என்றால் எண்ணிக்கை கிடையாது, ஓரளவு பணம் சம்பாதித்தான் என்றுதான் அர்த்தம்.

செங்கோட்டைப் பெரியவர் யாராவது "சக்கரம்" என்று சொல்லியிருந்தால் மட்டும் கவனம் தேவை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சிப் பக்கம் இருந்தது. அங்கே சக்கரம் நிஜமான நாணயம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். வண்டிச் சக்கரம் என்று நினைத்துக் கடந்துவிடக் கூடாது.

அடுத்து தண்ணி. வேறு ஊரில் இது பெரிய சிக்கல் இல்லை. குற்றாலத்தில் சிக்கல்தான், ஏனென்றால் இங்கே ஊரே தண்ணியை நம்பி இருக்கிறது. "தண்ணி விழுதா?" என்றால் அருவியைக் கேட்கிறார்கள். "தண்ணி போட்டான்", "தண்ணி அடிச்சான்" என்றால் குடித்தான். இந்த இரண்டிலும் குழப்பம் இல்லை. ஆனால் "தண்ணியில இருந்தான்", "தண்ணியில கெடந்தான்" இரண்டு பக்கமும் போகும். 2024 மே 17ல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்ததே, அந்த மாதிரி ஒரு நாளைப் பற்றிய பேட்டியில் இந்த வரி வந்தால் என்ன செய்வது? அருவியில் குளித்துக்கொண்டிருந்தவனைக் குடிகாரன் என்று அச்சில் போட்டுவிடலாம், ஒரே ஒரு வேற்றுமை உருபை நம்பி. அதனால் முன்பின் வரிகளில் இடமும் நேரமும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சொன்னவரிடமே திரும்பக் கேட்க வேண்டும்.

மூன்றாவது கட்டிங். சாராயக் கணக்கில் 750 மில்லி பாட்டில் ஃபுல், 375 ஆஃப், 180 குவாட்டர். 750ல் கால் பங்கு 187.5 வரும், ஆனாலும் 180க்குத்தான் அந்தப் பெயர். இரண்டு பேர் சேர்ந்து ஒரு குவாட்டரைப் பங்கு போட்டால் ஆளுக்கு 90 மில்லி, அதுதான் கட்டிங். "ஒரு கட்டிங் போடுவமா?" என்பது அதற்கான அழைப்பு. அதே பங்கு என்ற பொருளில் இருந்து பணத்துக்கும் கட்டிங் வந்துவிட்டது: ஒரு காரியத்தில் இடையில் இருப்பவர் எடுத்துக்கொள்ளும் தொகை. முடிதிருத்தும் கடையில் கட்டிங் வேறு இருக்கிறது.

போட்டான், அடிச்சான் என்றால் குடி. பண்ணினான் என்றால் முடி. எடுத்தான் என்றால் பணம். "குடுத்தான்" மட்டும் தனியாக நின்றால் தீர்க்க முடியாது. நண்பனுக்கு 90 மில்லி ஊற்றிக் கொடுத்ததாகவும் இருக்கலாம். நம் மாதிரி வாக்கியத்தில் "வெளிய வந்தான்" என்று முடிகிறது. எங்கே இருந்து வெளியே? ஸ்டேஷன் என்றால் அது லஞ்சக் குற்றச்சாட்டு. அப்படியானால் யாருக்கு, எவ்வளவு என்று கேட்காமல் அச்சுக்குப் போகவே கூடாது.

கஞ்சா பேச்சில் அதிகம் வருவது பொட்டலம். கடலைக்கும் சாப்பாட்டுக்கும் அதே சொல்தான். "இழுத்தான்" என்ற வினை கூட வந்தால் சந்தேகம் குறையும். ஆனால் "தம் அடிச்சோம்" என்பது பொதுவாக வெறும் சிகரெட், அதைக் கஞ்சா என்று எழுதுவது அநியாயம். இன்னொன்று, பொட்டலம் எடை கிடையாது. 1985 போதைப்பொருள் சட்டத்தின்படி கஞ்சாவில் 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. தண்டனை இந்த எடையை வைத்துத்தான் மாறுகிறது. ஒருவர் "நாலு பொட்டலம்" என்றால் நாலு பொட்டலம் என்றே எழுதுங்கள். அதை நீங்களாகக் கிராமாக மாற்றினால், அவர் சொல்லாத ஒரு குற்றத்தை அவர் வாயில் வைத்துவிடுவீர்கள்.