காப்புப்பிரதி மீட்டெடுப்புச் சோதனை

காப்புப்பிரதி மீட்டெடுப்புச் சோதனை என்பது ஓர் இணையதளத்தின் சேமித்துவைத்த பிரதிகளை மட்டுமே கொண்டு, பழைய சர்வரின் துணை சிறிதும் இன்றி, வேறொரு கணினியில் அத்தளத்தை மீண்டும் இயங்கச் செய்து பார்க்கும் ஒத்திகையாகும். பிரதிக் கோப்பு உரிய இடத்தில் இருக்கிறதா, அதன் அளவு சரியாகத் தோன்றுகிறதா என்று பார்ப்பதையும் பலர் சோதனை என்றே சொல்வதுண்டு. ஆனால் கோப்பு இருப்பதும் அதிலிருந்து தளம் எழுவதும் வெவ்வேறு செய்திகள் என்பதற்குக் கிட்லாப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நேர்ந்த விபத்தே மிகத் தெளிவான சான்று.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவையான கிட்லாப், பயனர் கணக்குகள், திட்ட விவரங்கள், கருத்துகள் ஆகியவற்றைப் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் வைத்திருந்தது. முதன்மைத் தரவுத்தளத்தில் நிகழும் மாற்றங்களை உடனுக்குடன் வாங்கிக்கொள்ளும் துணைத் தரவுத்தளம் அன்றிரவு பின்தங்கிவிட்டதால், அதன் தரவுக் கோப்புறையை அழித்துப் புதிதாகத் தொடங்க முயன்ற பொறியாளர், அழிக்கும் கட்டளையைத் தவறுதலாக முதன்மைக் கணினியில் இட்டுவிட்டார். ஓரிரு நொடிகளில் தவறு புரிந்து நிறுத்தியபோது, ஏறத்தாழ 300 கிகாபைட் தரவில் 4.5 கிகாபைட் மட்டுமே எஞ்சியிருந்தது.

கைத்தவறு எங்கும் நேரக்கூடியது. அதற்குப் பின் வெளிப்பட்டதே இங்கு கருதத்தக்கது. ஒவ்வொரு நாளும் தரவுத்தளத்தை `pg_dump` என்னும் கருவியால் நகலெடுத்து அமேசான் சேமிப்பகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தது. திறந்து பார்த்தபோது சேமிப்பகம் காலியாக இருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பிலும் நகலெடுக்கும் கருவி 9.2 பதிப்பிலும் இருந்ததால், கருவி ஒவ்வொரு முறையும் பிழையோடு நின்றுவிட்டிருந்தது. அந்தப் பிழையை அறிவிக்கும் மின்னஞ்சல்களும், அனுப்புநரை உறுதிசெய்யும் அமைப்பு சரியாக இல்லாத காரணத்தால், பெறும் பக்கத்தில் நிராகரிக்கப்பட்டன. மேகக்கணிச் சேவை தரும் வட்டுப் பிம்ப வசதி, அதாவது வட்டின் ஒரு கண நிலையை அப்படியே பதிந்துவைக்கும் வசதி, தரவுத்தளக் கணினிகளுக்கு இயக்கப்படவே இல்லை. இறுதியில் கைகொடுத்தது, வேறொரு சோதனை வேலைக்காக ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுக்கப்பட்ட ஒரு பிம்பம். அது மெதுவான வட்டில் இருந்ததால் நகலெடுத்துத் தளத்தைத் திறக்கச் சுமார் 18 மணி நேரம் ஆயிற்று. இடைப்பட்ட நேரத்தில் உருவான ஏறத்தாழ 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 பயனர் கணக்குகள் இழப்புக்கு உள்ளாயின.

ஒரே ஒரு முறை மீட்டெடுக்க முயன்றிருந்தாலும் அந்தக் காலிச் சேமிப்பகம் அன்றே கண்ணில் பட்டிருக்கும். எச்சரிக்கை வராததையே வெற்றியின் அடையாளமாகக் கொண்டதுதான் அங்கு நேர்ந்த பிழை. எச்சரிக்கை அனுப்பும் வழியும் பழுதாகக் கூடும் என்பதால், மௌனத்தை நம்பாமல் பிரதியையே தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதே மௌனம் மிகச் சிறிய தளங்களிலும் உண்டு. வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் ஒரு செய்தித்தளத்தை எடுத்துக்கொண்டால், அதன் கட்டுரைகள் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திலும், படங்கள் கோப்புறைகளிலும், தரவுத்தளக் கடவுச்சொல் `wp-config.php` கோப்பிலும் இருக்கும். தரவுத்தளத்தை நகலெடுத்து நேரே சுருக்கும் கருவிக்கு அனுப்புவது வழக்கம். இவ்வாறு இரு கட்டளைகளைக் குழாய்போல் இணைக்கும்போது, முதல் கட்டளை தோற்றாலும் பின்னது வென்றால் முழு வேலையும் வென்றதாகவே கணினி கணக்கிடும். விளைவாகச் சில பைட்டுகளே உள்ள வெற்றுக் கோப்பு நாள்தோறும் ஒழுங்காகச் சேரும். பாஷ் சூழலில் முதல் வரியைச் சேர்த்தால், முதல் கட்டளையின் தோல்வி முழு வேலையின் தோல்வியாகவே கணக்கிடப்படும்:

```
set -o pipefail
mysqldump --single-transaction \
  --default-character-set=utf8mb4 news | gzip > news.sql.gz
zcat news.sql.gz | tail -n 1
```

கடைசிக் கட்டளை காட்டும் வரி `-- Dump completed on` என்று தொடங்கித் தேதியோடு முடிந்தால், நகல் பாதியில் அறுபடவில்லை என்று கொள்ளலாம். இது முதற்படி மட்டுமே.

உண்மையான ஒத்திகைக்குப் புதிய மெய்நிகர் கணினி ஒன்றை வாடகைக்கு எடுத்து, பழைய சர்வருக்குச் செல்லும் வழியை அடைத்துவிட வேண்டும். பிரதியைப் பூட்டிய மறைகுறியாக்கச் சாவி அந்தச் சர்வரிலேயே கிடக்கிறது என்ற உண்மை பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் தெரியவரும். அடுத்து, சோதனைத் தளம் வெளியே மின்னஞ்சல் அனுப்பாதபடி தடுக்க வேண்டும். இல்லையேல் சந்தாதாரர்களுக்கு ஒரே மடல் இருமுறை போய்ச்சேரும். பின்னர், சோதிப்பவர் தம் கணினியின் `hosts` கோப்பில் தளத்தின் பெயரைப் புதிய கணினியின் முகவரியோடு இணைத்தால், வாசகர்கள் பழைய தளத்தையே காண, அவர் மட்டும் மீட்டெடுத்த தளத்தைக் காண்பார்.

முகப்புப் பக்கம் திறந்ததும் சோதனை முடிந்ததென்று கருதுவது பெருந்தவறு. கடைசிக் கட்டுரையின் நேரத்தைப் பிரதி எடுத்த நேரத்தோடு ஒப்பிட வேண்டும். புதிய கட்டுரையின் படமும் பழைய கட்டுரையின் படமும் தோன்றுகின்றனவா என்று பார்க்க வேண்டும். படங்கள் வேறொரு இணையப் பெயரிலிருந்து வருவனவானால், மீட்டெடுத்த தளம் உயிருள்ள தளத்தின் படங்களையே கடன்வாங்கிக் காட்டிச் சோதிப்பவரை ஏமாற்றும். அந்தப் பெயருக்கும் பழைய சர்வருக்கும் செல்லும் வழியைச் சோதிப்பவரின் கணினியிலும் அடைப்பதே இதற்கு மருந்து. எழுத்துகளிலும் கவனம் தேவை. பழைய `utf8` அமைப்பு ஓர் எழுத்துக்குறிக்கு 3 பைட் வரை மட்டுமே இடம்தருவதால், குறிக்கு 3 பைட் கொள்ளும் தமிழ் பிழைத்துக்கொள்ள, 4 பைட் கொள்ளும் முகக்குறிகள் கேள்விக்குறிகளாக மாறும். கட்டுரைகளை மட்டும் படித்துப் பார்ப்பவர் இதைக் காணமாட்டார். வாசகர் கருத்துகளையும் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

சோதனை தரும் மற்றொரு விடை காலம். 40 கிகாபைட் படங்கள் நொடிக்கு 5 மெகாபைட் வேகத்தில் இறங்குமானால், பதிவிறக்கத்துக்கு மட்டும் ஏறத்தாழ 2 மணி 15 நிமிடம் ஆகும். மென்பொருளை நிறுவுவதும் தரவுத்தளத்தை ஏற்றுவதும் அதற்கு மேல். ஒரு மணி நேரத்தில் தளம் மீளும் என்று வாக்களித்திருந்தால், அந்த வாக்கையோ சேமிப்பிடத்தையோ மாற்றியாக வேண்டும். இழக்கத்தக்க தரவின் எல்லை இதனின் வேறானது: நாளுக்கு ஒரு முறை பிரதி எடுக்கும் தளம், மீட்டெடுப்பு எவ்வளவு விரைவாக நடந்தாலும், ஒரு நாள் பதிவுகளை இழக்கக்கூடும்.

ஒரு சோதனையின் முடிவு அன்றைய பிரதிக்கும் அன்றைய மென்பொருள் பதிப்புகளுக்கும் மட்டுமே பொருந்தும். ஆகவே தரவுத்தளப் பதிப்போ சேமிப்பிடமோ மாறும்போதெல்லாம் அது காலாவதியாகிவிடுகிறது. விபத்துக்குப் பின் கிட்லாப் வெளியிட்ட விரிவான அறிக்கையின் பணிப்பட்டியலில், தரவுத்தளப் பிரதிகளின் மீட்டெடுப்பைத் தானியங்கியாகச் சோதிக்கும் ஏற்பாடும் இடம்பெற்றது.