ஆக்டினிக் கெரட்டோசிஸ்

பல ஆண்டுகள் வெயிலில் உழைத்த வெளிர்நிறத் தோலில் தோன்றும் சொரசொரப்பான செதில் தடிப்பு. சோலார் கெரட்டோசிஸ் என்றும் சொல்வார்கள். ஆஸ்திரேலிய விவசாயிகளின் நெற்றி, மூக்கு, காதுமடல், பிடரி ஆகிய இடங்களில் இது மிகச் சாதாரணம். பெரும்பாலும் கண்ணில் படும் முன்பே விரலில் தட்டுப்படும். தடவினால் உப்புத்தாளைத் தொட்டதுபோல் இருக்கும். செதிலை உரித்தால் சில நாளில் மறுபடி படியும். புற ஊதாக் கதிர் மேல்தோல் செல்களின் மரபணுக்களைச் சேதப்படுத்துவதே காரணம். செல்களின் பெருக்கத்துக்குக் கடிவாளமிடும் பி53 மரபணு பழுதாவது இதில் முக்கியமானது.

இந்தத் தடிப்பு புற்றுநோயாகுமா என்பதற்கு விக்டோரியா மாநிலத்தின் மேரிபரோ ஊரில் நடந்த ஆய்வு ஒரு கணக்குத் தந்தது. 1988-இல் வெளியான அதன் முடிவுப்படி, ஒரு தடிப்பு ஓராண்டில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா எனும் தோல் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. பல தடிப்புகள் தாமாகவே மறைகின்றன. அப்படியானால் சிகிச்சை எதற்கு என்று கேட்பது நியாயம்தான். ஆனால் கணக்கைத் தடிப்புக்குப் போடாமல் ஆளுக்குப் போட வேண்டும். அறுபது வயது விவசாயி ஒருவருக்கு எட்டுத் தடிப்புகள் இருப்பதாகக் கொள்வோம். அந்த ஆயிரத்தில் ஒன்றையே உச்சவரம்பாக வைத்தாலும், பத்து ஆண்டுகளில் அவருக்குள்ள வாய்ப்பு நூற்றுக்கு எட்டை நெருங்கும். மேலும், அதே ஆய்வில் சில புற்றுகள் தடிப்பே இல்லாத, பார்வைக்கு நன்றாக இருந்த தோலிலிருந்தும் முளைத்தன. ஆகவே தடிப்பைத் தனியொரு எதிரியாகக் காண்பதைவிட, அந்தப் பகுதித் தோல் முழுவதும் பழுதுபட்டிருப்பதன் அடையாளமாகக் கொள்வதே சரி.

எந்தத் தடிப்பு மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. மாறத் தொடங்கியதைக் கண்டுகொள்ளலாம். அடிப்பகுதி கட்டிப்படுவது, தொட்டால் வலிப்பது, சில வாரங்களில் வேகமாகப் பருப்பது, இரத்தம் கசிவது, ஆறாத புண்ணாவது ஆகியவை எச்சரிக்கைகள். இவற்றில் ஒன்றிருந்தாலும் உறையவைத்து அகற்றுவதற்கு முன் பயாப்சி எடுக்க வேண்டும். ஏனெனில் மேலே உறையவைத்துவிட்டால் அடியில் பரவும் புற்று மறைந்துபோகக்கூடும். காதிலும் கீழுதட்டிலும் வரும் புற்று மற்ற இடங்களைவிடப் பரவக்கூடியது. உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து உண்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். சாதாரணத் தடிப்பு ஓரிரண்டு என்றால் திரவ நைட்ரஜன் போதும். பகுதி முழுக்கப் பரவியிருந்தால் 5-ஃப்ளூரோயுராசில் களிம்பைச் சில வாரங்கள் பூசுவார்கள். அப்போது தோல் சிவந்து பொருக்குத் தட்டும். ஒவ்வாமை என்று பயந்து பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், உண்மையில் மருந்து வேலை செய்யும் விதமே அது.

நம் மாநிறத் தோலில் மெலனின் காப்பதால் இந்நோய் அரிது. வெண்மை நோயான அல்பினிசம் உள்ளவர்கள் விதிவிலக்கு. நம்மவர்க்கு இவ்வகைப் புற்று பழைய தீக்காயத் தழும்பிலும் ஆறாத புண்ணிலும் அடிக்கடி தோன்றுவதால், வெயில் படாத இடத்துப் புண்ணானாலும் மாதக்கணக்கில் ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.