ஸ்பிரிண்ட் பர்ன்டவுன் வரைபடம்

ஒரு ஸ்பிரிண்டில் இன்னும் எவ்வளவு வேலை மிச்சம் என்பதை நாள்தோறும் காட்டும் கோட்டு வரைபடம் பர்ன்டவுன். கிடை அச்சில் வேலை நாட்களும் செங்குத்து அச்சில் மிச்சமுள்ள பாயின்ட்களும் வரும். ஸ்க்ரம் முறையோடு சேர்ந்து பரவிய இதை, 2011-ல் திருத்தப்பட்ட ஸ்க்ரம் வழிகாட்டி கட்டாயப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆனாலும் சிறு குழுக்கள் பல இதை இன்றும் வரைகின்றன.

நான்கு பேர் கொண்ட குழு, 10 வேலை நாட்கள், 40 பாயின்ட் என்று வைத்துக்கொள்வோம். விரிதாளில் A பத்தியில் 0 முதல் 10 வரை நாள், B-ல் அன்று மாலை மிச்சமிருக்கும் பாயின்ட், C-ல் இலட்சியக் கோடு:

```
=$B$2*(1-A2/10)
```

இது நாளுக்கு 4 பாயின்ட் வீதம் இறங்கிப் பூஜ்யத்தைத் தொடும். சனி, ஞாயிறை அச்சில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் திங்கள் காலையிலேயே குழு பின்தங்கியதுபோலத் தெரியும். இனி வரவேண்டிய நாட்களுக்கு B-ல் பூஜ்யம் இடாமல் வெற்றிடமாக விட வேண்டும். ஒரு வேலை முழுதாக முடிந்த பிறகுதான் அதன் பாயின்ட்டைக் கழிக்க வேண்டும். ‘90 சதவீதம் முடிந்தது’ என்று பாதி பாதியாகக் கழித்தால் கோடு அழகாக இறங்கும், உண்மை மறைந்துவிடும்.

இந்தக் குழுவின் மிச்சக் கணக்கு இப்படிப் போகிறது: 40, 40, 40, 37, 35, 35, 30, 28, 26, 14, 3. எட்டாம் நாள் 8 இருக்க வேண்டிய இடத்தில் 26. கடைசி இரண்டு நாளில் மட்டும் 23 குறைகிறது. நீண்ட சமதளத்துக்குப் பின் வரும் இத்தகைய செங்குத்துச் சரிவு, பெரும்பாலும் வேலைகள் பெரிதாக வெட்டப்பட்டதையோ டெஸ்டிங்கில் தேங்கியதையோ காட்டும். எது காரணம் என்பதை வரைபடம் சொல்லாது. பலகையில் டெஸ்டிங் பத்தியில் அட்டைகள் குவிந்திருக்கின்றனவா என்று பார்த்தால் தெரியும்.

நான்காம், ஐந்தாம் நாட்களில் எண் மாறாமல் 35-லேயே நிற்பது வேறு கதை. ஐந்தாம் நாள் 5 பாயின்ட் வேலை முடிந்தது. அன்றே வாடிக்கையாளரிடமிருந்து 5 பாயின்ட் புதிய பிழைத்திருத்தமும் வந்து சேர்ந்தது. கோட்டை மட்டும் பார்ப்பவருக்குக் குழு சும்மா இருந்ததாகவே தோன்றும். உண்மையில் முடிந்தது மொத்தம் 42 பாயின்ட், தொடக்கத்தில் ஒப்புக்கொண்டதைவிட 2 அதிகம். வரைபடமோ 3 மிச்சம் என்கிறது. இதுவே பர்ன்டவுனின் பெரிய குறை. இதைத் தவிர்க்க, நடுவில் சேர்ந்த பாயின்ட்களை D பத்தியில் தனியே எழுதி, அதே படத்தில் பட்டைகளாகக் காட்டலாம்.

இலட்சியக் கோடு எல்லா நாளும் ஒரே வேகம் என்ற அனுமானம்தான். நால்வரில் ஒருவர் விடுப்பில் போனாலே கால்பங்கு ஆள்பலம் குறைகிறது. ஒரு 8 பாயின்ட் வேலை தள்ளிப்போனால் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு நிற்கிறது. எனவே சிறு குழுவில் ஒருநாள் விலகலை வைத்து யாரையும் மதிப்பிடக் கூடாது. மூன்று நாள் தொடர்ந்து மிச்சக் கோடு இலட்சியக் கோட்டுக்கு மேலேயே நின்றால் எந்த வேலையை விடுவது என்று பேசத் தொடங்க வேண்டும்.